“நீங்கள்” என்று தொடங்கி “நீ” என்று முடியும் விளம்பரம்

சென்ற நோன்புப் பெருநாளுக்குச் சில நாள்களுக்கு முன், கல்முனையில் அச்சகம் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையிற் கொண்டு என் இல்லம் வந்தார். வீட்டு மின்சாதனங்களை இலகு தவணையில் விற்கும் நிறுவனம் ஒன்றின் விளம்பரம் அது. கொழும்பிலே ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, அங்கேயே தமிழாக்கப்பட்டு, அச்சிடுவதற்காக மட்டும் இங்கு அனுப்பப்பட்டது. முதற்படிகள் வீடுகளுக்குப் பகிரப்பட்ட மறுநாள், முதிய பெண்மணி ஒருவர் அத்தாளுடன் கடைக்குப் போய், “மகன், இந்தக் கடதாசில என்னை நீ எண்டு எழுதிக் கிடக்கு. ஆரு இது, என்ட பேரனா?” என்று கேட்டாராம். கடைக்காரர் அச்சகத்தாரைக் கடிந்தார். அச்சகத்தார் என்னிடம் வந்தார்.

“சேர், அடுத்த அச்சுக்கு முன் இதைத் திருத்தித் தர வேண்டும்” என்றார்.

“தம்பி, முதலில் இதைச் சத்தமாக வாசியும்” என்றேன். அவர் வாசித்த ஆறு வாக்கியங்களையும் வாசகர்களும் ஒருமுறை வாசித்தல் வேண்டும்.

“உங்கள் இல்லத்தின் பெருநாள் மகிழ்ச்சி எங்கள் பொறுப்பு! நீங்கள் விரும்பும் குளிர்சாதனப் பெட்டியைத் தெரிவு செய். முற்பணம் எதுவுமின்றி உன் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். தேசிய அடையாள அட்டையுடன் வருவீர். தவணையைத் தவறவிட்டால் நீயே பொறுப்பாவாய். மேலதிக விபரங்களுக்கு அழைக்கவும்.”

ஒரே வாசகரை நோக்கிய ஆறு வாக்கியங்கள். முதல் வாக்கியம் அவரை “நீங்கள்” என மதிக்கிறது. இரண்டாவது “நீங்கள்” என எடுத்து “செய்” என ஒருமையில் முடிகிறது. மூன்றாவதும் ஐந்தாவதும் வெளிப்படையாகவே “நீ” என்கின்றன. நான்காவது “நீர்” என்பதற்குரிய வினையைக் கொண்டுள்ளது. ஆறாவதோ யாரை நோக்கியும் பேசாமல் ஆணை மட்டும் இடுகிறது. வாசலில் மாலையிட்டு வரவேற்றவர், உள்ளே சென்றதும் தோளைப் பிடித்துத் தள்ளியது போன்றதே இது.

இப்பிழை எங்கிருந்து வருகிறது? மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிடுதல் எளிது. உண்மை வேறு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு இன்று “யூ” என்னும் சொல் ஒன்றே உண்டு. முற்காலத்தில் ஒருமைக்கு “தௌ” என்றும் பன்மைக்கு “யூ” என்றும் இரு சொற்கள் இருந்தன. பன்மைச் சொல் மரியாதைச் சொல்லாகி, பின்னர் எல்லாருக்கும் பொதுவாகி, ஒருமைச் சொல்லை வழக்கிலிருந்து அகற்றிவிட்டது. ஆங்கில ஏவல் வினையும் ஒருவருக்கும் பலருக்கும் ஒன்றே. சிங்களப் பேச்சுவழக்கிலும் வினைமுற்று, ஆளுக்கேற்ப விகுதி மாறுவதில்லை. தமிழில் அவ்வாறன்று. வந்தாய், வந்தீர், வந்தீர்கள் என விகுதியே ஆளைக் காட்டும். எனவே அம்மொழிகளிலிருந்து பெயர்ப்பவர் கண் பெயர்ச்சொல்லின்மீதே நிற்கிறது. “யூ” என வந்த இடத்தில் “நீங்கள்” என எழுதக் கருதுகிறார். “யூ” என்பது இல்லாத ஏவல் வாக்கியத்தில், கைக்கு முதலில் வருகின்ற “செய்” என்பதை இட்டுவிடுகிறார். தமிழில் மரியாதை தங்கியிருப்பது வினையின் வாலிலே என்பதை அவ்வேளையில் மறக்கிறார்.

ஒருவரைப் பன்மையாற் கூறுதல் நம் மொழிக்குப் புதிதன்று. அது வழக்கில் உயர்த்திக் கூறும் சொல்லேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்திலேயே குறித்துள்ளார். அவர் காலத்திலேயே மக்கள் அவ்வாறு பேசினர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. நன்னூலார் முன்னிலைப் பெயர்களை எண்ணுமிடத்து “நீர்” பன்மைச் சொல்லாய் நிற்கிறது. “நீங்கள்” என்பது அங்கு இல்லை. பின்னர் “நீர்” ஒருவரையே சுட்டும் நடுத்தர மரியாதைச் சொல்லாயிற்று. அதன் மதிப்புக் குறையவே, “கள்” ஏறிய “நீங்கள்” முழு மரியாதைக்கு உரியதாயிற்று. எனவே இலங்கைத் தமிழில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள்ளன. ஆசிரியனாகிய யான் என் மாணவரிடம் “வாசியும்” என்றேன். அவர் என்னிடம் “வாசியும்” எனக் கூறியிருப்பின் அது குற்றமாகும். “நீர்” மேலிருந்து கீழ் நோக்கும் மரியாதை. பொருள் வாங்க வருபவரை அவ்வாறு நோக்க வணிகருக்கு உரிமையில்லை.

இனித் திருத்திய கதைக்கு வருவோம். என் மாணவர் தாமே ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தார். கணினியில் “நீ” வருமிடமெல்லாம் “நீங்கள்” எனவும், “உன்” வருமிடமெல்லாம் “உங்கள்” எனவும் மாற்றுமாறு ஒரே கட்டளையில் இட்டுவிட்டாராம். பிரசுரத்தின் பின்பக்கத்தில் இருந்த “நீண்ட காலப் பாவனை” என்பது “நீங்கள்ண்ட காலப் பாவனை” ஆயிற்று. “உன்னத தரம்” என்பது “உங்கள்னத தரம்” ஆயிற்று. ஏற்கெனவே சரியாயிருந்த “நீங்கள்” என்பதோ “நீங்கள்ங்கள்” என வளர்ந்து நின்றது! இவையாவது கண்ணிற் படும் பிழைகள். “நீயே” என்பதும் “நீங்கள்யே” ஆயிற்று. கண்ணிற் படாதது அதனையடுத்து நின்ற “பொறுப்பாவாய்” என்பது. எழுவாய் மாறியது, பயனிலை மாறவில்லை.

ஆகவே திருத்தம் சொல்லிலிருந்தன்று, வாக்கியத்தின் இறுதியிலிருந்து தொடங்க வேண்டும். யான் முதலிற் சிவப்பு மையால் வினைகளை மட்டும் அடிக்கோடிட்டேன். செய், செல்லலாம், வருவீர், ஆவாய், அழைக்கவும் என ஐந்து. இவற்றுள் “செல்லலாம்” எல்லா ஆளுக்கும் பொது. அதனைத் தொட வேண்டியதில்லை. “வந்தால்”, “விரும்பும்” போன்ற எச்சங்களும் அவ்வாறே. ஏனைய நான்கையும் மாற்றிய பின்னரே உன், உன்னை, உனக்கு, உன்னிடம் என வேற்றுமை ஏற்ற வடிவங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன்.

“அழைக்கவும்” என்பதைப் பற்றி ஒரு சொல். இது பிழையன்று, அறிவித்தற் பலகைக்கு ஏற்றது. ஆனால் “உங்கள் இல்லம், எங்கள் பொறுப்பு” என உறவு கொண்டாடித் தொடங்கிய தாளில் அது அலுவலகக் குரலாக ஒலிக்கிறது. “எங்களை அழையுங்கள்” என்பதே அங்குப் பொருந்தும். இவ்வாறே “வருவீர்” என்பதும். “வாரீர்” எனக் கூட்டத்தைக் கூவியழைக்கும் சுவரொட்டியில் அவ்வடிவம் தனித்து நின்றால் அழகே. “உங்கள்” என்பதோடு கலந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். “தாங்கள்” திருமண அழைப்பிதழுக்குரியது. அதன் வேற்றுமை வடிவமாகிய “தங்கள்” படர்க்கைக்கும் உரியதாதலின், “தங்கள் பற்றுச்சீட்டு” என்றால் எவருடையது என்னும் மயக்கம் எழும்.

மரியாதையை மிகுத்தலாலும் ஒரு பிழை உண்டாகும். வினை பன்மையாயினும் வாசகர் ஒருவரே. “உங்கள் அடையாள அட்டைகளைக் கொண்டுவாருங்கள்” என எழுதினால், எத்தனை அட்டை வேண்டும் என அவர் திகைப்பார். “நீங்கள் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர்கள்” என்பது கூட்டத்துக்குப் பொருந்தும். தனித்து வாசிப்பவருக்கு “வாடிக்கையாளர்” என்பதே தகும்.

எல்லாவற்றினும் என் மனத்தை உறுத்தியது ஐந்தாம் வாக்கியம். மகிழ்ச்சியை வாக்களிக்கும் இடத்தில் “உங்கள்”. கடனைச் சொல்லும் இடத்தில் “நீயே”. கருதிச் செய்தாரல்லர் என்றே கொள்வோம். தலைப்பை ஒருவரும் நிபந்தனையை வேறொருவரும் பெயர்த்திருக்கலாம். ஆயினும் வாசிக்கும் தாய்க்கு அது எவ்வாறு ஒலிக்கும்? அவ்வாக்கியத்தை “நீங்களே பொறுப்பாவீர்கள்” என மாற்றினேன். மாற்றிய பின்னும் மனம் அமையவில்லை. மரியாதையாகச் சொல்லிப் பார்த்தபோதுதான் அதில் செய்தியே இல்லை என்பது புலப்பட்டது. எதற்குப் பொறுப்பு? எத்தனை நாள் பிந்தினால்? எவ்வளவு மேலதிகம்? அச்சகத்தார் நிறுவனத்திடம் கேட்டு வந்தார். மேலதிகக் கட்டணம் உண்டு என்றனர். தாளில் அதனைக் குறிக்க உடன்பட்டனர். திருத்திய வடிவம் இது:

“உங்கள் இல்லத்தின் பெருநாள் மகிழ்ச்சி எங்கள் பொறுப்பு! விரும்பும் குளிர்சாதனப் பெட்டியைத் தெரிவுசெய்யுங்கள். முற்பணம் எதுவுமின்றி உங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வரும்போது தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள். தவணைத் திகதி தவறினால் மேலதிகக் கட்டணம் செலுத்த நேரிடும். அதன் விபரத்தை வாங்குமுன் கேட்டறியுங்கள். எங்களை அழையுங்கள்.”

“நீங்கள்” என்னும் சொல் இதில் ஓரிடத்திலும் இல்லை என்பதை நோக்குக. தாளில் இடம் போதாது, “நீ” சுருக்கமானது என விளம்பரக்காரர் முறையிடுவதுண்டு. தமிழில் எழுவாய் தோன்றாது நிற்கலாம். “வாருங்கள்” என்பதற்குள்ளேயே “நீங்கள்” அடங்கியிருக்கிறது. பெயரை விடுத்து விகுதியைக் காத்தால் இடமும் மிஞ்சும், மரியாதையும் மிஞ்சும்.

“நீ” நெருக்கத்தின் சொல்லன்றோ, இளைஞர் அதனையே விரும்புவர் என்பது மற்றொரு வாதம். “நீ” இழிசொல் என யான் கூறேன். இறைவனிடம் கையேந்தும்போது “நீ” என்றே இறைஞ்சுகிறோம். தாய் மகனை அவ்வாறே அழைக்கிறாள். ஆத்திசூடி குழந்தையை ஒருமையில் ஏவுகிறது. விளம்பரத்தினுள் பாட்டி பேரனோடு பேசுவதாகக் காட்டினால் அங்கு “நீ” என்பதே வேண்டும். “நீங்கள்” என அவளைப் பேசவைத்தல் செயற்கையாகும். ஆனால் அந்நெருக்கம் உறவால் வருவது. எங்கள் ஊர்களில் அறியாத ஒருவரையும் காக்கா, ராத்தா என உறவு சொல்லியே விளிப்பர். விளித்தபின் “வாங்க” என்றே கூறுவர். வீதியில் எவர் கையிலும் விழும் துண்டுத்தாள் அதனினும் கூடிய உரிமையை எங்கிருந்து பெற்றது?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடம், எண் இயைபைக் கற்பிக்கும் நாளில் மாணவரிடம் வீட்டிலிருந்து ஆளுக்கொரு விளம்பரத்தாள் கொண்டுவரச் சொல்லுங்கள். தலைப்பை விடுத்து, அடியிலுள்ள சிறிய எழுத்திலிருந்து மேல்நோக்கி வினைகளை அடிக்கோடிடச் செய்யுங்கள்.

இரண்டாம் அச்சுப் பகிரப்பட்டபின் அப்பெண்மணி மீண்டும் கடைக்கு வந்தாராம். குளிர்சாதனப் பெட்டி வாங்கவில்லை. மேலதிகக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, தமக்குக் கட்டாது எனக் கூறிச் சென்றாராம். கடைக்காரருக்கு அதில் வருத்தம் இருந்திருக்கலாம். எனக்கு இல்லை.