‘பார்க்கலாம்’னு சொல்லாதீங்க, ‘இப்ப வேண்டாம்’னு சொல்லுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல கல்யாண வயசுல பிள்ளைங்க இருந்தா பொறுமையா படிங்க.

கோவில்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூ கட்டுற மேசையில நாங்க நாலஞ்சு தொண்டர்கள் உட்காருவோம். கை பூ கட்டும், வாய் ஊர்க்கதை பேசும். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்ககூட பூ கட்டுற தங்கச்சி ஒருத்தி ஒன்னும் பேசாம போனையே பார்த்துக்கிட்டு இருந்தா. கிள்ளான்ல அரசாங்கப் பள்ளி ஆசிரியை. அம்மா போட்டுவிட்ட திருமண ஆப்ல ஒரு வரன் வந்திருக்கு. பையன் ஜோகூர் பாருவுல இருக்கார். பேச ஆரம்பிச்சு ஆறு நாள்தான் ஆகுது. “இந்த ஞாயிறு அம்மா, அப்பா, சித்தியோட உங்க கோவிலுக்கே வர்றோம். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, நாம பார்த்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு. ஆடி பொறக்கிறதுக்கு முன்ன முடிச்சிடலாம்”னு மெசேஜ்.

அவளுக்கு அந்தப் பையனைப் பிடிக்காம இல்ல. இன்னும் தெரியல, அவ்வளவுதான். ஆனா அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாளா பதில் போடாம வெச்சிருந்தா. “கோவில்ல தானேக்கா கூப்பிடுறாங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது?”ன்னு கேட்டா.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

கோவில்ல பார்த்துக்கிறது சும்மா ஒரு சந்திப்புன்னு பலரும் நினைக்கிறாங்க. இங்க நின்னு பார்க்கிற எங்களுக்குத் தெரியும், அது அப்படி இல்ல. ரெண்டு பேர் மாமாக் கடையில தேத்தண்ணி குடிச்சா அது ரெண்டு பேர் விஷயம். ரெண்டு குடும்பம் சன்னிதிக்கு முன்னால நின்னா அது பொண்ணு பார்க்கிறது. ரெண்டு பேர் பேருக்கும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனைச் சீட்டு எடுப்பாங்க. யாராவது ஒரு அத்தை பொண்ணு தலையில பூ வெச்சு விடுவாங்க. யாராவது ஒருத்தர் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவாங்க. வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அம்பது பேருக்குச் செய்தி போயிருக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன இப்படித்தான் ஒரு பொண்ணு, பேச ஆரம்பிச்ச பத்தாவது நாள் சந்திச்சா. நாற்காலி போட்டதும், கேசரி பரிமாறுனதும் நாங்கதான். நல்ல காரியம்னு நெனைச்சுத்தான் செஞ்சோம். அப்புறம் பேசிப் பழகப் பழக அவளுக்கு ஒத்துவராதுன்னு தெரிஞ்சுது. ஆனா வேணாம்னு சொல்ல மாசக்கணக்கா ஆச்சு. “கோவில்ல வெச்சுப் பார்த்துட்டு, பூவும் வெச்சுட்டு, இப்ப மாட்டேன்னா எப்படி?”ன்னு ரெண்டு பக்கமும் கேட்டாங்க. கடைசியில கல்யாணம் நின்னுச்சு. ஆனா அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் கோவிலுக்கு வர்றதையே நிறுத்திட்டா. எங்க மேசையில அவ உட்கார்ந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. அதுல எங்களுக்கும் பங்கு உண்டு. அதை ஒத்துக்கத்தான் வேணும்.

அதனால இந்தத் தங்கச்சிக்கு யோசனை சொல்லும்போது நாங்க கொஞ்சம் கவனமா இருந்தோம்.

முதல்ல அவ எழுதி வெச்சிருந்தது ஒரு பொய். ‘ஞாயிறு பள்ளியில வேலை இருக்கு.’ எங்கள்ல ஒரு அக்கா சிரிச்சுட்டாங்க. “ஞாயிறு அன்னதானத்துல நீ சாம்பார் ஊத்துற போட்டோ கோவில் முகநூல்ல வரும்டி, அதை அவர் பார்ப்பாரே!” சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். இந்த ஞாயிறு வேலைன்னு சொன்னா, அப்ப அடுத்த ஞாயிறான்னு கேட்பாங்க. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பொய் தேவைப்படும். ஒன்னு மாட்டினாலும், நேரம் கேட்டவ பொய் சொன்னவளா ஆயிடுவா.

ரெண்டாவதா, ‘பார்க்கலாங்க’ன்னு போட்டுடலாமான்னு கேட்டா. நம்ம தமிழ்ல இதைவிட ஆபத்தான பதில் கிடையாது. நாம யோசிச்சுச் சொல்றேன்ங்கிற அர்த்தத்துல சொல்வோம். ‘சந்திக்கலாமா’ன்னு கேட்டவங்களுக்கு அது ‘சரி, சந்திக்கலாம்’னு கேட்கும். நாலு மணி நேரம் காடி ஓட்டிக்கிட்டு ஜோகூர்ல இருந்து குடும்பமே கிளம்பி வந்துடும். அப்புறம் வாசல்ல நிக்கிறவங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?

மூனாவது, பத்து வரியில மன்னிப்பு. ‘ஸாரி, தப்பா நினைக்காதீங்க, என் மேலதான் தப்பு’ன்னு. படிச்சா பையனைப் பிடிக்கலைன்னு சுத்தி வளைச்சுச் சொல்ற மாதிரியே இருந்துச்சு. அவ சொல்ல வந்தது அது இல்லையே.

கடைசியில பூ கட்டி முடிக்கிறதுக்குள்ள அவளே உட்கார்ந்து எழுதினது இது. அவ அனுமதியோட போடுறோம்:

“வணக்கம். இவ்வளவு தூரம் வர்றேன்னு சொன்னதுக்கு நன்றி. உங்ககூட பேசுறது எனக்குப் பிடிச்சிருக்கு, இன்னும் பேசணும். ஆனா இந்த ஞாயிறு சந்திக்க நான் தயாரா இல்ல. நாம பேச ஆரம்பிச்சு ஆறு நாள்தான் ஆகுது. இன்னும் மூனு வாரம் பேசுவோம். அதுக்கப்புறம் முதல்ல நாம ரெண்டு பேர் மட்டும் சந்திப்போமான்னு முடிவு பண்ணுவோம். குடும்பம் அதுக்கடுத்து. வர்ற புதன் ராத்திரி வீடியோ கால் பேசலாமா? வீட்டுல நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.”

இதுல பொய் இல்ல, மழுப்பலும் இல்ல. எதுக்கு வேணாம், எதுக்கு சரின்னு தனித்தனியா இருக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வேணாம், ஆளுக்கு இல்ல. ரொம்ப முக்கியம், எவ்வளவு நாள்னு ஒரு கணக்கு இருக்கு. ‘கொஞ்ச நாள் போகட்டும்’னு சொன்னா எதிர்ல இருக்கிறவங்க தொங்கிக்கிட்டு நிப்பாங்க. மூனு வாரம்னு சொன்னா அவங்க வீட்டுல போய்ச் சொல்ல ஒரு பதில் கிடைக்குது. அதோட காத்திருக்கிற நாள்ல செய்ய ஒரு வேலையும் கொடுத்திருக்கா, புதன்கிழமை போன்.

நாலு மணி நேரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. “அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா நீங்க சொல்றது எனக்குச் சரியாப் படுது. புதன் ஒன்பது மணிக்குக் கூப்பிடுறேன்.”

அந்தப் பதில்லயே அந்தத் தம்பியைப் பத்திப் பாதி தெரிஞ்சுபோச்சுன்னு நாங்க சொன்னோம். ஒருத்தர் நம்மகிட்ட எப்படி ‘சரி’ சொல்றாங்கங்கிறதைவிட, நாம ‘இப்ப வேணாம்’னு சொல்லும்போது என்ன செய்றாங்கன்னுதான் பார்க்கணும். வருத்தப்படலாம், அது மனுஷ குணம். ஆனா ‘எனக்கு வேற மூனு வரன் காத்துக்கிட்டு இருக்கு’ன்னு மிரட்டினாலோ, ‘அப்ப என்மேல நம்பிக்கை இல்லையா’ன்னு ஆறு நாள் பழக்கத்துக்கு நம்பிக்கை கணக்கு கேட்டாலோ, உங்ககிட்ட சொல்லாம உங்க அம்மாவுக்கு நேரா போன் போட்டாலோ, அங்கயே நின்னு யோசிங்க. கல்யாணத்துக்கு அப்புறம் இதைவிடப் பெரிய விஷயத்துக்கெல்லாம் ‘வேணாம்’ சொல்ல வேண்டி வரும்.

அந்த மூனு வாரத்துல என்ன நடந்துச்சு? ரெண்டாவது வீடியோ கால்லதான் தெரிஞ்சுது, அவர் வேலை சிங்கப்பூர்ல. தினமும் விடியறதுக்கு முன்ன பாலத்தைத் தாண்டிப் போய் ராத்திரி திரும்புறவர். ப்ரொபைல்ல ‘பொறியியலாளர், ஜோகூர்’னு மட்டும்தான் இருந்துச்சு. பொய் இல்ல, ஆனா முழுசும் இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் அவ மாற்றல் வாங்கிக்கிட்டு ஜோகூர் வந்து அவர் அம்மா அப்பாவோட இருப்பான்னு அவங்க வீட்டுல ஏற்கெனவே முடிவு பண்ணி இருந்தாங்க. ஆசிரியர் மாற்றல் நாம நெனைச்ச உடனே கிடைக்கிறதா என்ன? அதுவும் இவ அப்பா டயாலிசிஸ்ல இருக்கார். கிள்ளானை விட்டுப் போக அவளால முடியாது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த ஞாயிறு ரெண்டு குடும்பமும் கோவில் மண்டபத்துல உட்கார்ந்திருந்தா இந்தக் கேள்வி வந்திருக்குமா? ராசி என்ன, எத்தனை பேர் கூடப் பிறந்தவங்கன்னு கேட்டிருப்பாங்க. பொண்ணு தலையைக் குனிஞ்சு தேத்தண்ணி கொடுத்திருப்பா.

நாலாவது வாரம் ரெண்டு பேரும் பேசி, இது ஒத்துவராதுன்னு நன்றி சொல்லி விலகிட்டாங்க. யாரும் அழல. ரெண்டு குடும்பமும் பார்த்துக்கவே இல்லைங்கிறதால யாருக்கும் பதில் சொல்ல வேண்டியும் இல்ல. கல்யாணம் கூடி வந்தாத்தான் கதை நல்லா முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்க இருக்கலாம். எங்களுக்கு இதுவே நல்ல முடிவுதான். அவ அடுத்த வெள்ளிக்கிழமையும் பூ கட்ட வந்தா.

மறுபக்கத்தையும் சொல்லணும். நேரம் கேட்கிறது வேற, இழுத்தடிக்கிறது வேற. சொன்ன மூனு வாரம் முடிஞ்சா ஒரு பதில் சொல்லியே ஆகணும், ‘இன்னும் கொஞ்ச நாள்’னு மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. பிடிக்கலைன்னு முதல் நாளே தெரிஞ்சுட்டா நேரம் கேட்காதீங்க, அன்னிக்கே சொல்லிடுங்க. வேற நல்ல வரன் வருதான்னு பார்க்க ஒருத்தரைக் காக்க வைக்கிறது பாவம். அதே மாதிரி, சந்திக்கவும் மாட்டாங்க, வீடியோ கால்ல முகமும் காட்ட மாட்டாங்க, நடுவுல அவசரம்னு காசு மட்டும் கேட்பாங்கன்னா அது வரனே இல்ல, மோசடி. காசு கொடுத்துட்டீங்கன்னா வெட்கப்படாம உடனே 997க்குக் கூப்பிடுங்க.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இப்ப வேண்டாம், மூனு வாரம் கழிச்சு’ன்னு உங்க பையனுக்கு ஒரு பொண்ணு எழுதினா, அதைத் திமிர்னு எடுத்துக்காதீங்க. உங்க மகனையும் ஒரு ஆளா மதிச்சு, தெரிஞ்சுக்க நேரம் ஒதுக்குறா. ‘ஆடி வரப்போகுது’ன்னு அவசரப்படுத்துறவங்களுக்கும் சொல்றோம். ஆடியில நல்ல காரியம் வைக்க மாட்டோம், சரி. போன்ல பேசிப் பழகக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. ஆடி முழுக்கப் பேசட்டும், ஆவணியில பார்த்துக்கலாம்.

தொண்டர்களா எங்க பங்குக்கு நாங்களும் ஒரு முடிவு எடுத்திருக்கோம். முதல் முறை பார்த்துக்க வர்ற ரெண்டு பேர் பேரையும் சேர்த்து அர்ச்சனைச் சீட்டு எழுதச் சொன்னா, தனித்தனியா எழுதுறோம். பூ வைக்க தட்டு கேட்டா, பொண்ணைத் தனியா கூப்பிட்டு ‘உனக்குச் சம்மதமாம்மா?’ன்னு ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் கொடுப்போம். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

உங்க வீட்டுல யாராவது இப்படி ஒரு மெசேஜுக்குப் பதில் எழுதத் தெரியாம உட்கார்ந்திருந்தா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூ மேசைக்கு அனுப்பி வைங்க. எழுத நாங்க கூட இருக்கோம். வரும்போது ஒரு கட்டு வாழைநார் கொண்டு வந்தா இன்னும் சந்தோஷம்.