லீவு கேட்பதும் லைன் பிளாக் கேட்பதும்

2024ஆம் ஆண்டு தசரா கழிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் காலனியில் பக்கத்து பிளாட்டில் இருக்கும் பெண் ஒரு காகிதத்தோடு வந்தாள். பகலில் பாகீரத் பேலஸில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில்லிங் வேலை. மற்ற நேரத்தில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். டிசம்பர் தேர்வுக்கான தற்காலிக அட்டவணை வந்திருந்தது. நான்கு தாள்கள்: டிசம்பர் 5, 13, 18, 24.

"மாமா, லாலாஜிகிட்ட லீவு கேட்கணும். லெட்டரைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கோ" என்றாள்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'எனக்கு டிசம்பரில் பல்கலைக்கழகத் தேர்வு இருப்பதால் தயவுசெய்து ஸ்டடி லீவு தந்து உதவ வேண்டுகிறேன்.'

எனக்குச் சுரீரென்றது. இதே வாசகத்தை 1986இல் நானும் எழுதியிருக்கிறேன். அப்போது மத்திய இந்தியாவில் ஒரு செக்ஷனில் தண்டவாளப் பராமரிப்பு எனக்கு. டிப்ளமாவோடு நிற்காமல் ஏ.எம்.ஐ.இ. எழுதிவிட வேண்டும் என்று ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் மேலதிகாரியிடம் போய் நின்றேன். கோடைக்காலம், வெயிலில் தண்டவாளம் நெளிந்துவிடுமோ என்று பகல் முழுக்க ரோந்து போகும் சமயம். "உன் இடத்தில் யார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. லீவும் இல்லை. அந்த முறை விட்டது விட்டதுதான். பிறகு குடும்பம், மாற்றல் என்று ஏ பிரிவோடு நின்று போனேன். டிப்ளமாக்காரனாகவே ஓய்வு பெற்றேன்.

பல வருஷம் அவர்மேல் கோபமாக இருந்தேன். நியாயமாகப் பார்த்தால், என் வேலைக்காக வாரம் இரண்டு முறை லைன் பிளாக் கேட்ட நான், எனக்காக ஒரு பிளாக் கேட்கத் தெரியாமல் இருந்தேன் என்பதுதான் உண்மை. ரயில்வே பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன். தண்டவாளத்தில் வேலை செய்ய வேண்டுமானால் அந்த நேரத்துக்கு வண்டி விடாமல் லைனை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். 'கொஞ்சம் நேரம் தாருங்கள்' என்று கண்ட்ரோலில் கேட்டால் சிரிப்பார்கள். இன்ன கிலோமீட்டரிலிருந்து இன்ன கிலோமீட்டர் வரை, 11.10 முதல் 12.40 வரை, இன்ன வேலை, முடிந்ததும் வண்டி இத்தனை வேகத்தில் போகலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு லைனைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அதற்குப் பெயர் 'பிளாக் பர்ஸ்ட்'. இரண்டு தடவை அப்படிச் செய்தவனுக்கு மூன்றாம் தடவை பிளாக் கிடைப்பது கஷ்டம்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் நம் பிள்ளைகள் லீவு கேட்க வேண்டிய முறையும் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

முதலில் 'ஸ்டடி லீவு' என்ற வார்த்தையையே கடிதத்திலிருந்து அடித்தேன். மத்திய அரசு ஊழியருக்கு அந்தப் பெயரில் ஒரு விடுப்பு உண்டு. ஐந்து வருஷ சர்வீஸ் முடிந்தவர், தன் வேலைக்குச் சம்பந்தப்பட்ட படிப்புக்காக, பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, சாதாரணமாக ஒரு தடவைக்கு 12 மாதம் வரை எடுப்பது அது. தனியார் கடையில் வேலை செய்யும் பெண் அந்த வார்த்தையைச் சொன்னால், முதலாளி காதில் 'மாதக்கணக்கில் வரமாட்டாள்' என்றுதான் விழும். அவளுக்குத் தேவையோ வெகு சொற்பம். அதை எண்ணிப் பார்த்தோம்.

கடை நேரம் காலை 10 முதல் மாலை 5.30, நடுவில் அரை மணி சாப்பாடு. ஆக நாளைக்கு 7 மணி, வாரம் ஆறு நாளுக்கு 42 மணி. தேர்வுகள் பிற்பகல் 2 முதல் 5 வரை. அன்று முழு நாளும் வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் முதல் நாள் மதியத்துக்கு மேல் அரை நாள். நான்கு முழு நாளுக்கு 28 மணி, நான்கு அரை நாளுக்கு 14 மணி, மொத்தம் 42. சரியாக ஒரு வார வேலை. 'ஒரு மாதம் தேர்வு' என்று பயமுறுத்திய விஷயம் ஒரு வாரமாகச் சுருங்கியது.

அடுத்தது, திருப்பிக் கொடுப்பது. அவள் அப்பா, "ஆறு ஞாயிற்றுக்கிழமை போய் வேலை செய்துட்டாப் போச்சு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வார ஓய்வு நாளை அடகு வைத்து லீவு வாங்கக் கூடாது. படிக்கிற பெண்ணுக்கு இருப்பதே அந்த ஒரு நாள்தான். அது மட்டுமல்ல, ஞாயிறன்று மார்க்கெட்டே மூடியிருக்கும்போது அவள் உட்கார்ந்து என்ன பில் போடப் போகிறாள்? முதலாளிக்குப் பிரயோஜனமில்லாத மணி நேரத்தைக் கொடுத்துவிட்டுக் கடனை அடைத்தேன் என்பது சரியான கணக்கு ஆகாது.

அவருக்கு எப்போது ஆள் தேவை என்று அவளையே கேட்டேன். உடனே சொன்னாள். ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி. கணக்கில் ஏற்ற வேண்டும்; 20க்குள் வரி கட்டி அந்த மாதக் கணக்கை முடிக்க வேண்டும். அந்த இரண்டு தேதிக்கும் முந்திய நாட்களில்தான் கடையில் தலைக்குமேல் வேலை.

அங்கேதான் திட்டம் பிறந்தது. 42 மணியில் பாதி, அதாவது மூன்று நாள், அவள் பாக்கியில் இருந்த ஈட்டிய விடுப்பில் கழிப்பது. அது அவள் உரிமை. அதற்குப் பதில் வேலை கிடையாது. மீதி 21 மணியை மணிக்கு மணி திருப்பித் தருவது. அதிலும் பாதியை முன்னதாகவே தருவது: நவம்பர் 7, 8, 9, 11 தேதிகளிலும், 18, 19, 20 தேதிகளிலும் மாலை 7 மணி வரை இருப்பது. ஏழு நாள், நாளைக்கு ஒன்றரை மணி. பத்தரை மணி ஆயிற்று. மற்ற பத்தரை மணியை இதே போல ஜனவரியில் 8 முதல் 11 வரையிலும், பிறகு 17, 18, 20 தேதிகளிலும் தருவது. இரண்டு தவணையிலும் ஞாயிறு கிடையாது. எந்த வாரத்திலும் மொத்த வேலை 48 மணியைத் தாண்டவில்லை. ஜனவரி இரண்டாம் வாரத்தில் சரியாக 48இல் வந்து நின்றது. இந்த 48ஐப் பார்த்துக்கொள்வது முக்கியம். அதற்கு மேல் போனால் அது ஓவர்டைம். அதற்குத் தனிச் சம்பளம் உண்டு. தினம் 8 மணி, வாரம் 48 மணி என்று ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் கடையானால் இந்த வழி செல்லாது. அங்கே ஈட்டிய விடுப்பையோ சம்பளமில்லா விடுப்பையோதான் கேட்க வேண்டும்.

பாதியை முன்கூட்டித் தருவதில் ஒரு சூட்சுமம் உண்டு. லீவு எடுத்த பிறகு 'திருப்பித் தருகிறேன்' என்பவளைவிட, கொடுத்துவிட்டுக் கேட்பவளை மறுப்பது கடினம்.

மூன்றாவது, என் மேலதிகாரி கேட்ட அதே கேள்வி: உன் இடத்தில் யார்? கவுண்டரில் இருக்கும் பையனுக்கு பில் போடுவதும், திரும்பி வந்த மருந்துகளைக் கணக்கில் ஏற்றுவதும் நவம்பரில் இரண்டு மாலை சொல்லிக் கொடுப்பதாக எழுதினாள்.

மறுநாளே போய்க் கேட்டாள். முதல் தேர்வுக்கு ஏழு வாரத்துக்கு மேல் இருந்தது. நம் பிள்ளைகள் பலர் ஹால் டிக்கெட் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அது வருவதோ தேர்வு தொடங்க ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும்போது. அந்த வேளையில் எந்த முதலாளியும் முகம் சுளிக்கத்தான் செய்வார். தற்காலிக அட்டவணை வந்ததும் ஒரு முறை, ஹால் டிக்கெட் வந்ததும் தேதியை உறுதி செய்து மறுமுறை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

லாலாஜி உடனே தலையாட்டிவிடவில்லை. "18 ஆகாது, 20க்கு ரொம்பப் பக்கம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே. 16ஆம் தேதி மாலைக்குள் கொள்முதல் பில்கள் எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்துவிடுவதாக இவள் எழுதிச் சேர்த்தாள். காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கூடுதல் நேரத்தை நாள்தோறும் குறிக்க ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டார்கள். அவள் எழுதுவாள், அவர் பக்கத்தில் ஒரு சுழி போடுவார். இல்லாவிட்டால் பிப்ரவரியில், 'நீ இன்னும் பாக்கி' என்று ஒருவரும், 'முடித்துவிட்டேன்' என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

காகிதத்தில் கடைசி வரி நான் சொல்லிச் சேர்த்தது: 'தேதி மாறினால், மணி மாறாமல் நாளை மாற்றிக்கொள்வது.' தேர்வு தள்ளிப்போனால் உதவும் என்றுதான் நினைத்தேன். ஆனால் உதவியது வேறிடத்தில். 2025 ஜனவரியில் ஜி.எஸ்.டி. வலைத்தளம் கோளாறு செய்து, 11 என்ற கெடு 13க்கும், 20 என்பது 22க்கும் போயின. 11ஆம் தேதி இருக்க வேண்டிய ஒன்றரை மணியை 13இல் இருந்தாள். 20க்குப் பதில் 22. சண்டையில்லாமல் நோட்டு மூடப்பட்டது.

இதைப் படிக்கும் பெற்றோரில் சிலர், 'இவ்வளவு எதற்கு, காய்ச்சல் என்று போன் செய்தால் போச்சு' என்பார்கள். நான்கு தேர்வுக்கு நான்கு காய்ச்சல் வருமா? வந்தாலும், நிஜக் காய்ச்சலுக்கென்று இருக்கும் லீவு தீர்ந்து போகும். அடுத்த ஜூன் தேர்வுக்கு என்ன நோய் சொல்வது? எழுதிக் கேட்டதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பவும் கேட்கலாம். பொய்யை அப்படிக் கேட்க முடியாது.

நம் சங்கத்தில் கடையும் ஆபீசும் நடத்தும் அன்பர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். வேலைக்கு எடுக்கும்போதே 'படிக்கிறாயா, தேர்வு எந்த மாதம்' என்று கேட்டுக் குறித்து வையுங்கள். கொடுத்த மணிக்கு அதே மணியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இரண்டாகக் கேட்காதீர்கள். நீங்கள் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய மாலைகளைப் பிறகு கடனாகக் காட்டாதீர்கள். 1986இல் என் அதிகாரி, 'உன் இடத்தில் யார்' என்று கேட்டதோடு நிற்காமல், 'வா, உட்கார்ந்து பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலைதான்.

அந்தப் பெண் நான்கில் மூன்று தாளில் தேறினாள். ஒன்றை ஜூனில் மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஏப்ரல் மாதம் புதுக் காகிதத்தோடு கடைக்குப் போனாள். இந்த முறை என்னிடம் காட்ட வரவில்லை.