மணல் தட்டும் வரைபடமும் ஒரே மேசையில்

பள்ளிக் கண்காட்சியில் ஆற்றின் மாதிரி என்றால் தெர்மகோல் மலை, நீலப் பெயின்ட் அடித்த ஆறு, பஞ்சு மேகம் என்றுதான் இருக்கிறது. அதில் தண்ணீர் ஓடாது. மண்ணை அள்ளாமல், படிய வைக்காமல், தடம் மாறாமல் ஓர் ஆறு இருக்க முடியுமா? மணல் தட்டில் தண்ணீர் ஓடுகிற பாடம்தான் ஆற்றுப் பாடம். அதிலும் தட்டை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால் குழந்தைகள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். பக்கத்திலேயே வரைபடமும் இருக்க வேண்டும்.

ஒரு மீட்டர் நீளத்தில், ஒரு முனையில் வடிகால் துளையுள்ள தகரத் தட்டு போதும். மணலை முதலில் நன்றாக நனைத்துவிட வேண்டும். காய்ந்த மணலில் தண்ணீர் இறங்கிப்போகுமே தவிர ஓடாது. தலைமாட்டில் 5 செ.மீ. உயரத்துக்குப் புத்தகங்களை அண்டை கொடுத்து, குளுக்கோஸ் பாட்டில் ட்யூப் வழியாக நூல் மாதிரி தண்ணீர் விடுகிறோம். ஆறு மேலே குடைந்து பள்ளத்தாக்கை உண்டாக்கும். தண்ணீர் தேங்கி நிற்கும் கீழ்முனையில் மணலை விசிறியாக விரிக்கும். மணல் மொத்தமாகச் சரிந்து வந்தால், தண்ணீர் அதிகம் என்று பொருள். குழாயைத் திருகிக் குறைக்க வேண்டும்.

கூர்ந்து பார்க்க வேண்டியது அந்த விசிறியைத்தான். தான் கொண்டுவந்த மணலாலேயே ஆற்றின் வழி மேடாகிறது. மேடான வழியை விட்டு, பக்கத்தில் தாழ்ந்த இடம் பார்த்துத் தண்ணீர் சட்டென்று தாவுகிறது. பிள்ளைகள் கத்தும் நேரம் அது. காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் நடந்ததும் இதுதான்: காவிரியின் தலைப்பு மேடிட, தாழ்வான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டது. அதைத் தடுத்துத் தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் திருப்பவே 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டி முடித்தார்.

இப்போது வடிகாலை அடைத்துவிட்டு, கீழ்முனையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு சென்டிமீட்டர் உயர்ந்ததும் அந்த நீர் விளிம்பின் மேல் ஒரு கம்பளி நூலைக் கிடத்துகிறோம். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு நேர் மேலிருந்து பார்த்தால், நூல்கள்தான் சம உயரக் கோடுகள். பள்ளத்தாக்கில் தண்ணீர் உள்ளே நுழைந்த இடத்திலெல்லாம் நூல் கூம்பாக வளைந்திருக்கும். கூம்பின் முனை மேட்டுப் பக்கம் காட்டும். என் வகுப்பில் ஒரு மாணவன் மேட்டூருக்கு மேலே உள்ள மலைப் பகுதியின் வரைபடத்தைத் தலைகீழாகப் படித்து, ஆற்றைக் கீழிருந்து மேலே ஓட விட்டான். நூலைப் பார்த்த பிறகு, “சார், அப்ப மூக்கு காட்டுற பக்கம் ஆறு பொறந்த பக்கமா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் தவறவில்லை.

தட்டு இரண்டு இடங்களில் நம்மை ஏமாற்றும். ஆசிரியர் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. முதலாவது, சாய்வு. நம் தட்டில் 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு செ.மீ. இறக்கம். கல்லணையோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சாய்வு சுமார் இரண்டாயிரத்தில் ஒன்று. அதே சாய்வை நம் தட்டில் வைத்தால் தலைமாடு அரை மில்லிமீட்டர்தான் உயர்ந்திருக்கும்! வரைபடத்திலும் அது தெரியும்: 20 மீட்டர் இடைவெளியில் கோடு போட்டால் கல்லணைக்கும் கடலுக்கும் நடுவே நாலு கோடுகூடத் தேறாது. ஒகேனக்கல் மலைகளிலோ கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, வளைவு. பாடப்புத்தகத்தில் இருப்பது போல் நெளிந்து ஓடும் ஆறு வெறும் மணலில் நிலைக்காது. கரைக்குப் பிடிமானம் இல்லாததால் ஆறு பல இழைகளாகப் பிரிந்து பின்னிக்கொள்ளும். பலர் தங்கள் சோதனை தோற்றுவிட்டதென்று விரலால் வளைவு கீறிக் காட்டுகிறார்கள், அது பொய்ப்பாடம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனையில், குதிரைமசால் முளைகள் கரையைப் பிடித்துக்கொண்ட பிறகே சோதனைத் தொட்டியின் ஆறு நிலையாக நெளிந்தது. நாமும் கரையில் வெந்தயம் தூவி, நாலைந்து நாள் முளைக்க விட்டுப் பார்க்கலாம். கரையோரச் செடிகளும் களிமண்ணும் ஆற்றுக்கு என்ன செய்கின்றன என்பதை இரண்டு தட்டுகளை அருகருகே வைத்தாலே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஆண்டு ஆற்றுப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தண்ணீர் விடுவதற்கு முன்னால் அந்த அரை மில்லிமீட்டர் கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளையே போட வையுங்கள்.