இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்

அச்சாகி முடிந்த புத்தகங்களின் கோப்புகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எந்தச் சிறு பதிப்பகத்திலும் கேட்டுப்பாருங்கள். “கிளவுட்ல இருக்கு சார், வெளி ஹார்ட் டிஸ்க்லயும் ஒண்ணு இருக்கு” என்று உடனே பதில் வரும். இரண்டு இடத்தில் இருந்தால் பத்திரம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்த இரண்டும் எந்த வகைப் பிரதிகள் என்று தெரிந்தால்தான் அவை காப்பாற்றுமா என்று சொல்ல முடியும்.

ஒரு பதிப்பகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர், பக்க வடிவமைப்பாளர் வீட்டில் ஒரு லேப்டாப். இரண்டிலும் Books என்ற ஃபோல்டர் கூகுள் டிரைவ் வழியாக சிங்க் ஆகிறது. வீட்டில் செய்த திருத்தம் அலுவலகம் வருவதற்குள் அங்கே வந்துவிடும். வேலைக்கு இதைவிட வசதி கிடையாது. ஏப்ரல் மாதத்தில் லேப்டாப்பில் இடம் தீர்ந்துபோகிறது. அச்சாகி முடிந்த புத்தகங்கள்தானே, அலுவலகத்தில்தான் இருக்கிறதே என்று வடிவமைப்பாளர் பழைய ஃபோல்டர்கள் சிலவற்றை அழிக்கிறார். மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சற்று நேரத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அவை மறைந்துவிடுகின்றன.

சிங்க் என்பதன் கடமையே அதுதான். எல்லா இடத்திலும் ஒரே நிலை இருக்கவேண்டும். நல்ல மாற்றத்தைக் கொண்டுபோகும் அதே வேகத்தில் தவறையும் கொண்டுபோகும். அழித்தது கைதவறியா, வேண்டுமென்றா என்று அதற்குத் தெரிய வழியில்லை. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அந்த ஃபோல்டர்கள் 30 நாள் கிடக்கும். பிறகு தானாகவே போய்விடும். முடிந்த புத்தகத்தின் ஃபோல்டரை அந்த 30 நாளில் யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? நவம்பரில் இரண்டாம் பதிப்பு போடலாம் என்று தேடும்போதுதான் தெரிகிறது.

கைபேசிப் படங்களிலும் இதே கதைதான். கூகுள் போட்டோஸில் ‘பேக்கப் ஆகிவிட்டது’ என்று திரை சொல்வதை நம்பி, அந்தச் செயலிக்குள்ளேயே படங்களை அழித்து இடம் தேடுகிறவர்கள் உண்டு. அங்கே அழித்தால் கைபேசியில் இருப்பதும் கிளவுடில் இருப்பதும் சேர்ந்தே போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் அவகாசம், அவ்வளவுதான். அந்தச் செயலியிலேயே Free up space என்று ஒன்று இருக்கிறது. அது கைபேசிப் பிரதியை மட்டும் நீக்கும். ஆனால் அதை அழுத்திய பிறகு கிளவுடில் இருப்பது இரண்டாவது பிரதி அல்ல, ஒரே பிரதி.

சரி, பதிப்பகத்தின் வெளி ஹார்ட் டிஸ்க் என்ன ஆயிற்று? சனிக்கிழமைதோறும் அதைச் செருகி, யாரோ எழுதிக்கொடுத்த ஒற்றை வரிக் கட்டளையை ஓட்டுகிறார்கள்:

```
robocopy D:\Books E:\Books /MIR
```

விண்டோஸில் வரும் இந்தக் கருவி நம்பகமானது. கவனிக்கவேண்டியது கடைசியில் இருக்கும் `/MIR`. மூலத்தில் இல்லாத எதுவும் பிரதியிலும் இருக்கக்கூடாது என்பது அதன் பொருள். ஏப்ரலில் அழிந்த ஃபோல்டர்களை அடுத்த சனிக்கிழமையே வெளி டிஸ்க்கிலிருந்தும் அது துடைத்திருக்கும். வாரம் தவறாமல் பேக்கப் எடுத்தார்கள் என்று நினைத்தோம். உண்மையில் வாரத்துக்கு ஒருமுறை சிங்க் செய்திருக்கிறார்கள்.

`/MIR` என்பதற்குப் பதில் `/E` போட்டிருந்தால் அந்த ஃபோல்டர்கள் தப்பியிருக்கும், ஏனென்றால் அது கூட்டும், கழிக்காது. ஆனாலும் அது பாதித் தீர்வுதான். ஒருவர் மூன்றாம் அத்தியாயத்தின் மேல் தவறுதலாக நான்காம் அத்தியாயத்தை ஒட்டிச் சேமித்துவிட்டால் கோப்பு அதே பெயரில் அங்கேயேதான் இருக்கும். உள்ளே இருப்பது மட்டும் வேறு. சனிக்கிழமை வந்ததும் நல்ல பிரதியின் மேல் கெட்டது உட்கார்ந்துவிடும். என் அனுபவத்தில் அழிப்பதைவிட இது மோசம். காணாமல் போனதைத் தேடுவோம். இருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆகவே பேக்கப் என்று சொல்லத் தகுந்ததற்கு ஒரு தகுதி வேண்டும். இன்றைய நிலையோடு நேற்றைய நிலையும் போன மாத நிலையும் அதில் தனித்தனியாக இருக்கவேண்டும். விண்டோஸில் இருக்கும் File History, வழக்கமான அமைப்பில் மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் தேதியோடு சேர்த்துவைக்கும். மேக் கம்ப்யூட்டரின் Time Machine கடந்த 24 மணி நேரத்துக்கு மணிவாரியாகவும், ஒரு மாதத்துக்கு நாள்வாரியாகவும், அதற்கு முன்பு வாரவாரியாகவும் வைத்துக்கொள்ளும். கூகுள் டிரைவும் வேர்டு, பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய வடிவங்களை 30 நாள் அல்லது 100 வடிவங்கள் வரை வைத்திருக்கிறது. நேற்றுச் செய்த பிழைக்கு அது போதும், ஏப்ரல் பிழைக்கு நவம்பரில் உதவாது. இன்னொன்று, பேக்கப் டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைத்திருந்தால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

உங்களிடம் இருப்பது எது என்று சந்தேகமானால் சோதித்துப் பார்க்கலாம். test.txt என்று ஒரு கோப்பை உருவாக்கி, பிரதி எடுத்து, பிறகு மூலத்தில் அழியுங்கள். அடுத்த சுற்று ஓடிய பிறகு பிரதியிலும் காணவில்லையென்றால் அது சிங்க். இருந்தால், அதே கோப்பை மறுபடி போட்டு, உள்ளே ஒரு வரியை மாற்றி, இன்னொரு சுற்று ஓடிய பிறகு பழைய வரி பிரதியில் எங்கேயாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல பேக்கப்புக்கும் ஓர் எல்லை உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. டிஸ்க் நிறைந்ததும் Time Machine பழையவற்றிலிருந்து நீக்கத் தொடங்கும். பல பேக்கப்புகள் இப்படிச் சுழற்சியில்தான் ஓடும். ஏழு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்கலாம். ஆறு வருடம் கழித்து மறுபதிப்புக்குத் தேடினால், அந்த ஃபோல்டரைத் தாங்கிய கடைசிப் பிரதியும் இடத்துக்காக அகற்றப்பட்டிருக்கலாம். பேக்கப் நடக்கும் வேலையைக் காக்கிறது. முடிந்த வேலைக்குக் காப்பகப் பிரதி வேண்டும்.

அது ஒரே ஒருமுறை, புத்தகம் அச்சுக்குப் போன அன்று எடுக்கவேண்டியது. தினசரி வேலை நடக்கும் இடத்துக்கு வெளியே, எந்தச் சிங்க்கும் தொடாத டிஸ்க்கில் இருக்கவேண்டும். பிறகு அதில் யாரும் கைவைக்கக்கூடாது. என்ன வைப்பது என்பதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருவில் வடிவமைத்த கோப்பை மட்டும் வைத்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று தெரியும். அச்சுக்கு அனுப்பிய பிடிஎஃபில் எழுத்துகள் கண்ணுக்குச் சரியாக இருந்தாலும், நகலெடுத்து ஒட்டினால் அதே குழப்பம்தான் வரும். அதனால் பிடிஎஃப், வடிவமைப்புக் கோப்பு, பயன்படுத்திய எழுத்துருக்கள், படங்கள், அட்டை, இவற்றோடு முழுப் பிரதியையும் யூனிகோடுக்கு மாற்றிய எளிய உரைக்கோப்பு ஒன்றும் இருக்கவேண்டும். அந்த உரைக்கோப்புதான் எல்லாவற்றையும் விட நீண்டகாலம் படிக்கக்கூடியது.

பிரதி கெடாமல் இருக்கிறதா என்று அறியவும் வழி உண்டு.

```
certutil -hashfile book.pdf SHA256
```

இது 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரத்தைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் சரம் வேறாகிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் இதை எடுத்து, பட்டியலாக அதே ஃபோல்டரில் போட்டு, அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம். பிரதிகள் இரண்டு வேண்டும், ஒன்று வேறு கட்டடத்தில். வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைச் செருகி இந்தச் சரங்களை ஒப்பிட்டால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். கெட்டதை மற்ற பிரதியிலிருந்து சரிசெய்யலாம். பென்டிரைவை இதற்கு நம்பவேண்டாம், மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதில் எழுதியது மங்கும். ஹார்ட் டிஸ்க்கும் நிரந்தரமல்ல. சில வருடங்களில், அது சத்தம் போடத் தொடங்கும் முன்பே, புதியதற்கு மாற்றிச் சரங்களை மறுபடி ஒப்பிட்டுவிட வேண்டும்.