12 மதிப்பெண் முந்தியவர் பட்டியலில் பிந்துவது ஏன்?

அரசு வேலை அறிவிப்பில் 'வெயிட்டேஜ்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம் பிள்ளைகளில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எழுத்துத் தேர்வு இல்லாமல் நிரப்பப்பட்ட சில மருத்துவப் பணியிடங்களுக்கு 10ஆம் வகுப்புக்கு 20, 12ஆம் வகுப்புக்கு 30, பட்டயப் படிப்புக்கு 50 என்று பங்கு பிரித்திருந்தார்கள். வேலை யாருக்கு என்பதை முடிவு செய்வது இந்தப் பங்குதான். அதை நாமே போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நாம் நன்கறிந்த உதாரணம் ஆசிரியர் தகுதித் தேர்வு. 2014இல் பட்டதாரி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தபோது தகுதித் தேர்வுக்கு 60, பட்டப் படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூவுக்கு 10 என்று பங்கு வைத்தார்கள். மொத்தம் 100.

கணக்குப் போடும் முறை எளிது. முதலில் ஒவ்வொரு தேர்விலும் வாங்கியதைச் சதவீதமாக்க வேண்டும். பிறகு அந்தச் சதவீதத்தை அந்தத் தேர்வின் பங்கால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். கடைசியில் நான்கையும் கூட்ட வேண்டும். சதவீதமாக்காமல் நேராகக் கூட்டினால் 1200க்கு நடந்த பிளஸ் டூ, 150க்கு நடந்த தகுதித் தேர்வை விழுங்கிவிடும். கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவரை நினைத்துப் போட்டுப் பாருங்கள். விடை 100 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

இப்போது இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் கற்பனை, கணக்கு உண்மை. முதலாமவர் 1990களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தவர். பிளஸ் டூவில் 1200க்கு 660, அதாவது 55 சதவீதம். பட்டத்தில் 52, பி.எட்.டில் 64 சதவீதம். தகுதித் தேர்வில் 150க்கு 102, அதாவது 68 சதவீதம். இவருக்கு பிளஸ் டூவில் 5.5, பட்டத்தில் 7.8, பி.எட்.டில் 9.6, தகுதித் தேர்வில் 40.8 கிடைக்கும். கூட்டினால் 63.7.

இரண்டாமவர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நல்ல தனியார் பள்ளியில் படித்தவர். பிளஸ் டூவில் 1080, அதாவது 90 சதவீதம். பட்டத்தில் 72, பி.எட்.டில் 80 சதவீதம். தகுதித் தேர்வில் 90 மட்டுமே, அதாவது 60 சதவீதம். இவருக்கு 9, 10.8, 12, 36. கூட்டினால் 67.8.

தகுதித் தேர்வில் முதலாமவர் 12 மதிப்பெண் முந்தியிருக்கிறார். அதற்குத்தான் 60 பங்கு. ஆனாலும் பட்டியலில் 4.1 புள்ளி பின்தங்கிவிட்டார். தகுதித் தேர்வின் ஒரு மதிப்பெண் 0.4 புள்ளிக்குச் சமம். ஆகவே இரண்டாமவரைத் தாண்ட இவர் இன்னும் 11 மதிப்பெண் எடுத்து 113 வாங்கியிருக்க வேண்டும். ஆசிரியர் வேலைக்கென்றே நடந்த தேர்வில் இப்போது காட்டிய திறமையை, பதினேழு வயதில் வாங்கிய மதிப்பெண்ணும் அதைத் தொடர்ந்த படிப்பும் அடித்துவிட்டன.

60 பெரிய பங்குதானே, எப்படித் தோற்றது? பங்கு எவ்வளவு என்பதோடு, போட்டியாளர்களின் மதிப்பெண் எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு தந்த பிறகு தேர்ச்சிக்கு 82 மதிப்பெண் போதும் என்றானது. 82க்குக் கீழே உள்ளவர் பட்டியலிலேயே இல்லை. 82க்கு உரிய 32.8 புள்ளி எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்துவிடுகிறது. போட்டி அதற்கு மேலே உள்ள 27.2 புள்ளியில்தான் நடக்கிறது. கடினமான தேர்வில் 150ஐ நெருங்குவோர் அரிது என்பதால் அதிலும் நெரிசல்தான். பிளஸ் டூ மதிப்பெண்ணோ 35 சதவீதத்தில் தொடங்கி 90க்கு மேலே வரை பரந்து கிடக்கும். எல்லோரும் நெருக்கமாக நிற்கும் தேர்வு, எவ்வளவு பங்கு கொடுத்தாலும் ஆட்களைப் பெரிதாகப் பிரிக்காது. விரிந்து கிடக்கும் தேர்வு சிறிய பங்கிலும் பிரித்துவிடும்.

இதற்கு முன்பிருந்த முறை இன்னும் மோசம். 2012 அரசாணைப்படி மதிப்பெண்ணை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒரே அடுக்கில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே புள்ளி தந்தார்கள். தகுதித் தேர்வில் 60 முதல் 70 சதவீதத்துக்குள் யார் இருந்தாலும் 42 புள்ளி. 102 வாங்கியவருக்கும் 90 வாங்கியவருக்கும் அதே 42 என்றால் அந்த 12 மதிப்பெண் முற்றாகக் காணாமல் போகிறது. ஆனால் 104 வாங்கியவருக்கு 42, 105 வாங்கியவருக்கு 48. ஒரு மதிப்பெண்ணில் ஆறு புள்ளி தாவிவிடுகிறது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த அடுக்கு முறையை ரத்து செய்த பிறகுதான், நாம் மேலே போட்ட சதவீதக் கணக்கு அரசாணை 71 மூலம் வந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதையும், 5 சதவீதத் தளர்வையும் செல்லும் என்றது. 2018இல் அரசு வெயிட்டேஜை விட்டுவிட்டு, தகுதித் தேர்வுக்குப் பின் தனிப் போட்டித் தேர்வு என்று மாற்றியது.

'இடஒதுக்கீடு இருக்கிறதே, தலித்துகளுக்கு என்ன நட்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. நமக்குரிய இடங்கள் குறையவில்லை என்பது உண்மை. அந்த இடங்களுக்கு நம்மில் யார் போனார்கள் என்பதுதான் கேள்வி. ஒதுக்கீட்டுப் பட்டியலுக்குள்ளும் வரிசை வெயிட்டேஜ்படிதான். எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்பது மதிப்பெண்ணில் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்து, கூலி வேலையும் செய்து, பல ஆண்டு கழித்துத் தகுதித் தேர்வில் வென்றவர், அதே சமூகத்தில் வசதியாகப் படித்த இளையவருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. இதை நாம் பேசத் தயங்கக் கூடாது.

இரண்டு ஆண்டுகளின் பிளஸ் டூ சதவீதம் ஒன்றல்ல என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2021இல் கொரோனாவால் பொதுத் தேர்வே நடக்கவில்லை. 10ஆம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், 11ஆம் வகுப்பிலிருந்து 20, 12ஆம் வகுப்புச் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்து மதிப்பெண் தந்தார்கள். அந்த 80 சதவீதத்தையும் 1996இல் எழுதி வாங்கிய 80 சதவீதத்தையும் ஒரே தராசில் வைப்பது எப்படி நியாயம்?

வெயிட்டேஜே வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. ஒரே தேர்வை மட்டும் நம்பினால் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர் முந்துவார். நாம் கேட்பது இரண்டு. பழைய மதிப்பெண்ணைச் சேர்ப்பதானால், அந்தந்த ஆண்டில் தேர்வு எழுதியவர்களுக்குள் அவர் எந்த இடத்தில் இருந்தார் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். பட்டியல் வெளியிடும்போது மொத்தப் புள்ளியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தேர்வுக்கும் கிடைத்த புள்ளியைத் தனித்தனியே காட்ட வேண்டும். அப்போதுதான் தோற்றவர் எதில் தோற்றார் என்று தெரிந்துகொள்ளவும், கணக்குப் பிழை இருந்தால் முறையிடவும் முடியும்.