பரிந்துரைக் கடிதம்: கேட்கும் முறையும் காலமும்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பருவம் இது. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் இப்போது துணிந்து விண்ணப்பிக்கிறார்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு, முதலில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும். இடம் வேண்டுமென்றால், பாடம் நடத்திய பேராசிரியர்கள் இரண்டு அல்லது மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மதிப்பெண் இருந்தும் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி நிற்பது இந்தக் கடிதத்தில்தான்.

கேட்பதற்கே கூச்சம். “சார் தப்பா நினைச்சுக்குவாரோ” என்று நாளைக் கடத்திவிட்டு, கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது கைப்பேசியில் இரண்டு வரி அனுப்புகிறார்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படித்தவர்களுக்கு இந்தக் கூச்சம் கூடுதல். எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர அண்ணனோ மாமாவோ அந்தப் பாதையில் போயிருக்க மாட்டார்கள்.

அண்ணல் அம்பேத்கரும் ஆசிரியரின் கடிதத்தோடுதான் லண்டன் போனார். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் சொன்னவர் பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் செலிக்மன். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் இருந்த பேராசிரியர் ஹெர்பர்ட் பாக்ஸ்வெல்லுக்கு அவர் அம்பேத்கரைப் பரிந்துரைத்து எழுதினார். 1916 நவம்பரில் பாக்ஸ்வெல் தம் பள்ளி அலுவலகத்துக்கு எழுதிய குறிப்பில், இந்த மாணவர் முனைவர் பட்டம் ஏற்கெனவே பெற்றவர், அதைத் தாம் மறந்துவிட்டதாகச் சொல்கிறார். உண்மையில் கொலம்பியாவின் முனைவர் பட்டம் அம்பேத்கருக்கு முறைப்படி கிடைத்தது 1927-ல்தான். அம்பேத்கரைப் போன்ற ஒரு மாணவர் விஷயத்திலேயே பேராசிரியருக்கு மறதியும் குழப்பமும் வந்திருக்கின்றன. ஆண்டுக்கு நூறு பேருக்குப் பாடம் எடுக்கும் நம்மூர்ப் பேராசிரியர், நான்கு வருடத்துக்கு முன் மூன்றாவது பெஞ்சில் இருந்த பிள்ளையை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நினைவுபடுத்துவது கேட்பவரின் வேலை.

நினைவுபடுத்துவது என்றால் எப்படி? நெல்லைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் முதுகலை முடித்த நம் வட்டாரத்து மாணவி ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்தின் கெடு டிசம்பர் 15. அவர் எழுதும் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய அய்யா, வணக்கம். 2021 முதல் 2023 வரை தங்களிடம் முதுகலை தாவரவியல் படித்தேன். இரண்டாம் ஆண்டில் தாங்கள் வழிகாட்ட, எங்கள் ஊர் எலுமிச்சைத் தோட்டங்களில் வரும் இலை நோய் பற்றி ஆய்வேடு எழுதினேன். நாற்பது மரங்களை நான்கு மாதம் கவனித்துக் குறிப்பெடுத்தேன். முதலில் எடுத்த மாதிரிகள் கெட்டுப்போனதால் மறுபடி எடுக்கச் சொன்னீர்கள், எடுத்தேன். இப்போது பயிர் நோயியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் களப்பணியையும் ஆய்வேட்டையும் பற்றித் தாங்கள் பரிந்துரைக் கடிதம் தர இயலுமா? கெடு டிசம்பர் 15. டிசம்பர் 5-க்குள் கிடைத்தால் நலம். தங்களுக்கு நேரமில்லை என்றாலோ, என் வேலை சரிவர நினைவில்லை என்றாலோ தயங்காமல் சொல்லுங்கள், வேறொருவரைக் கேட்டுக்கொள்வேன். மதிப்பெண் பட்டியல், ஆய்வேட்டுச் சுருக்கம், விண்ணப்பக் கட்டுரை, பாடப்பிரிவு விவரம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.”

இதில் கெஞ்சல் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. கெட்டுப்போன மாதிரியை மறுபடி எடுத்ததைச் சொல்லும் அந்த ஒரு வரி பேராசிரியருக்கு அந்தப் பெண்ணின் முகத்தையே நினைவுக்குக் கொண்டுவரும். கடிதத்தில் எழுதவும் அதுவே பொருளாகும். ‘இயலாது’ என்று சொல்ல அவருக்கு வழிவிட்டதும் முக்கியம். மனமில்லாமல் எழுதும் நான்கு வரிக் கடிதம், கடிதமே இல்லாததைவிடக் கெடுதல்.

நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கடிதங்களில் இரண்டு குறைகளை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று, “ஒழுக்கமானவர், பணிவானவர்” என்று முடிந்துவிடும் கடிதம். அது நன்னடத்தைச் சான்றிதழ். தேர்வுக் குழு கேட்பது, இந்த மாணவர் எப்படி யோசிக்கிறார், எப்படி வேலை செய்கிறார் என்பதை. இன்னொன்று, “ஏழைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, உதவுங்கள்” என்ற கடிதம். நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே மாணவியின் ஆய்வு மறைந்து சாதி மட்டும் நிற்கிறது. கடந்துவந்த பாதையைச் சொல்ல வேண்டுமென்றால் அதை விண்ணப்பக் கட்டுரையில் மாணவியே தம் சொல்லில் சொல்லட்டும். கடிதம் அவருடைய வேலைக்குச் சாட்சியாக இருக்கட்டும். அதனால்தான் எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதை வேண்டுகோளிலேயே சொல்லிவிட வேண்டும்.

“நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்” என்று சொல்லும் பேராசிரியர்களும் உண்டு. அப்படி எழுதினால் விண்ணப்பக் கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருக்கும், பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். “குறிப்புகளை ஒரு பக்கத்தில் தருகிறேன் அய்யா, தாங்கள் எழுதினால்தான் மதிப்பு” என்று பணிவாகச் சொல்லலாம். அப்போதும் மறுத்தால் வேறொருவரைக் கேட்பதே நல்லது.

இனி, காலம். டிசம்பர் 15 கெடு என்றால் அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். நவம்பரில் பருவத் தேர்வு வந்துவிடும். அதையடுத்து விடைத்தாள் திருத்தும் முகாம். அந்த நாட்களில் எந்தப் பேராசிரியருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. உண்மைக் கெடு, நாம் விரும்பும் நாள் இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டால், இடையில் உள்ள பத்து நாள் தவறு நேர்ந்தால் திருத்தக் கைகொடுக்கும். நவம்பர் 25 வாக்கில் ஒரு நினைவூட்டல், டிசம்பர் 5-ல் இன்னொன்று. தினமும் போன் செய்ய வேண்டாம்.

கடிதம் தயாரானாலும் போய்ச் சேராமல் நிற்பதுண்டு. பல பல்கலைக்கழகங்கள் கடிதத்தை மாணவரிடமிருந்து வாங்குவதில்லை. விண்ணப்பத்தில் பேராசிரியரின் மின்னஞ்சலைக் குறித்ததும், அவருக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்பும். அவர் சம்மதிக்கும் முன் முகவரியைக் குறிக்கக் கூடாது. சொந்த ஜிமெயில் முகவரியைச் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். கல்லூரி முகவரி கேட்பார்கள். நம் கல்லூரிகளில் கவுரவ விரிவுரையாளர் பலருக்கு அப்படியொரு முகவரியே இருக்காது. அப்படியென்றால் என்ன செய்வது என்று சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இணைப்பு ‘ஸ்பேம்’ பெட்டியில் விழுந்துகிடப்பதும் உண்டு. விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால் கடிதம் வந்ததா இல்லையா என்று பெரும்பாலும் தெரியும். வரவில்லை என்று காட்டினால் முதலில் முகவரியில் எழுத்துப்பிழை உண்டா என்று பாருங்கள். பிறகு பேராசிரியரிடம் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவைக் கடிதம் தந்தவருக்குத் தெரிவியுங்கள். அம்பேத்கர் படிப்பை முடித்த பிறகும் செலிக்மனோடு கடிதத் தொடர்பில் இருந்தார். 1925-ல் அம்பேத்கரின் மாகாண நிதி பற்றிய நூல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் அதே செலிக்மன்தான்.