வரவு வைத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

ஓய்வு பெறும் சிப்பந்திக்குச் சேரவேண்டிய தொகையை அவருடைய பாங்கிக் கணக்கில் வரவு வைத்துவிட்டால் தமது கடமை முடிந்தது என்று நம் சங்க நிர்வாகிகளில் பலர் கருதுகின்றனர். அது எந்தச் சூத்திரப்படி கணக்கிடப்பட்டது, எதற்காக வரி பிடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் கணக்குத் தாள் இல்லாத வரவு, பாதி வேலையே என்பது என் கருத்து. இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

உறையூரில் ஒரு நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து, 2024 மே 31 ஆம் தேதி ஓய்வு பெற்ற ஸ்ரீரங்கவாசி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய சர்வீஸ் 27 வருடம் 7 மாதம். கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.39,000. அவ்வாண்டு செப்டம்பரில்தான் பணம் வந்தது. பணிக்கொடை ரூ.5,26,500, விடுப்புச் சம்பளம் 240 நாளுக்கு ரூ.3,12,000. இவற்றில் ரூ.35,516 வருமான வரியாகப் பிடிக்கப்பட்டிருந்தது. "கேட்டால் நன்றி கெட்டவன் என்பார்களோ, ஐயா?" என்று அவர் தயங்கினார்.

முதலில் பணிக்கொடையைப் பார்ப்போம். காரியதரிசி ரூ.39,000 ஐ 30 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, 27 வருடத்துக்குக் கணக்கிட்டிருந்தார். 1972 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வகுக்கவேண்டிய எண் 26. வாராந்திர விடுமுறை நீங்கலாக மாதத்தில் வேலை நாள் 26 என்பதே இதன் காரணம். 1980 இல் சுப்ரீம் கோர்ட் இக்கருத்தை ஏற்றது. 1987 இல் சட்டத்திலேயே அது எழுதப்பட்டது. மேலும், கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு வருடமாகும். ஆகவே ஒரு நாள் ஊதியம் ரூ.1,500, பதினைந்து நாளுக்கு ரூ.22,500, 28 வருடத்துக்கு ரூ.6,30,000. குறைவு ரூ.1,03,500.

"எங்கள் சங்கத்தில் எட்டுப் பேர்தானே வேலை செய்கிறார்கள்; அச்சட்டம் எங்களுக்கு ஏது?" என்று காரியதரிசி கேட்டார். பத்துப் பேர் இருந்தால்தான் சட்டம் தொடங்கும் என்பது மெய்யே. ஆனால், ஒருமுறை சட்டத்துக்குள் வந்த ஸ்தாபனம், பின்னர் ஆள் குறைந்தாலும் வெளியேறுவதில்லை. பழைய சம்பளப் பட்டியலைப் புரட்டினோம். முன்பு சில ஆண்டுகள் பன்னிரண்டு பேர் சம்பளம் வாங்கியிருந்தனர். அவர் கையாண்டது, சட்டத்துக்கு உட்படாதவர்களுக்கு வருமான வரி விலக்கு காணும் முறையை ஒத்தது. அதில் அரை மாதச் சம்பளமும், நிறைவடைந்த வருடங்களுமே கணக்கு.

இனி, வரியைப் பார்ப்போம். சட்டத்துக்கு உட்பட்டவருக்கு, பெற்ற தொகை, சூத்திரப்படி வரும் தொகை, ரூ.20 லட்சம் ஆகிய மூன்றில் எது குறைவோ அது முழுதும் வரிக்கு விலக்கு. சங்கம் தன் விதிப்படி சூத்திரத்துக்கு மேல் கொடுத்தால், அந்த அதிகத்துக்கு மட்டுமே வரி. விடுப்புச் சம்பளத்துக்கு 2023 முதல் உச்சவரம்பு ரூ.25 லட்சம், ஆனால் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தையும், வருடத்துக்கு 30 நாள் என்ற அளவையும் விலக்கு தாண்டலாகாது. நம் நண்பர் பெற்ற இரு தொகைகளும் இவ்வரம்புகளுக்குள் அடங்கியவை. இரண்டு மாதச் சம்பளம் ரூ.78,000 மட்டுமே வரிக்குரிய வருமானம். வரி ஒரு பைசாவும் இல்லை. காரியதரிசி எல்லாவற்றையும் சம்பளத்தோடு கூட்டி வரி பிடித்ததே பிழை.

பிடித்த வரியைச் சங்கம் திருப்பித் தர இயலாது. அது கஜானாவுக்குப் போய்விட்டது. அவ்வாண்டுக்குரிய 26ஏஎஸ் பட்டியலில் அவருடைய பான் எண்ணுக்கு எதிரே ரூ.35,516 வரவாகியிருப்பதை முதலில் பார்த்தோம். இல்லாதிருந்தால், சங்கம் கட்டாமல் இருந்திருக்கலாம் என்று பொருள். பின்னர் விலக்குகளைக் காட்டி வருமானக் கணக்குத் தாக்கல் செய்து, முழுத்தொகையையும் அவர் மீட்டார். குறைந்த பணிக்கொடையை நிர்வாகக் குழு தீர்மானம் போட்டுக் கொடுத்தது.

அத்துடன் முடியவில்லை. பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். தவறினால் 10 சதவீதத் தனிவட்டி சேரும். அவ்வட்டி யார் பணம்? பாவு நீட்டி, தறியில் உட்கார்ந்து அங்கத்தினர் ஈட்டிய பணமே. ஆகவே இது ஓய்வு பெற்றவரின் விவகாரம் மட்டுமன்று.

2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பெற்றுள்ளது. 15, 26 என்னும் கணக்கு அதிலும் மாறவில்லை. எந்தத் தொகை ஊதியமாகும் என்ற இலக்கணம் மாறியிருப்பதால், இனி கணக்குத் தாள் முன்னிலும் அவசியம். ஊதியம், வருடம், வகுத்த எண், விலக்கு, பிடித்த வரி ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, குழுவின் முன் வைத்து, நகலை ஓய்வு பெறுபவரிடம் கொடுத்த பின்னரே சங்கம் பணத்தை வரவு வைக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் இதைக் கேட்பார்களாக.